தோற்றம் மாறிய செயலிக்குக் கடைப் பக்கத்தில் ‘புதியவை’ குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு செயலியின் தோற்றத்தை முழுமையாக மாற்றி வெளியிடும்போது, கூகுள் ப்ளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் ஆகிய செயலிக் கடைகளில் அந்தச் செயலியின் பக்கத்தில், என்ன மாறியது என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பு இடம்பெற வேண்டும். பல குழுக்களில் இந்தக் குறிப்பு வெளியீட்டு நாளின் கடைசி நிமிடத்தில் எழுதப்படுகிறது. எழுதுபவரும் பெரும்பாலும் வடிவமைப்பில் உழைத்தவராகவே இருப்பதால், தாம் என்ன செய்தோம் என்பதையே சொல்கிறார். பயனர் தேடுவதோ வேறொன்று. நேற்று வரை இங்கே இருந்த பொத்தான் இன்று எங்கே போயிற்று என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாகக் குறிப்பை எழுதும் முறையைப் பெங்களூரில் இயங்கும் ஒரு பால் விநியோகச் செயலியை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன். செயலி கற்பனையானது; ஆனால் அதில் வரும் சிக்கல்கள் இத்தகைய செயலிகளுக்கெல்லாம் பொதுவானவை.

அந்தச் செயலியின் நிலை இதுதான். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் போன்ற பகுதிகளில் இருக்கும் குடும்பங்கள் அதில் முன்பணம் கட்டி வைத்து, தினமும் காலையில் பால் பாக்கெட் பெறுகின்றன. ஊருக்குப் போகும் நாட்களில் பாலை நிறுத்திவைக்கலாம். மறுநாளைய பாலை நிறுத்த முந்தைய நாள் இரவு 10 மணி வரை நேரம் உண்டு. பழைய பதிப்பில் எல்லா வசதிகளும் திரையின் இடது மூலையில் இருந்த மூன்று கோடுகளைத் தொட்டால் விரியும் பட்டியலில் இருந்தன. புதிய பதிப்பில் அந்தப் பட்டியல் இல்லை. திரையின் கீழே ‘இன்று’, ‘நாட்காட்டி’, ‘பணம்’, ‘கணக்கு’ என நான்கு பொத்தான்கள் வரிசையாக உள்ளன. பாலை நிறுத்த நாட்காட்டியில் தேதியைத் தொட வேண்டும்.

படி 1: யார், எப்போது படிக்கிறார் என்பதைத் தீர்மானியுங்கள்

தொலைபேசிகளில் செயலிகள் பெரும்பாலும் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே, குறிப்பைப் படித்துவிட்டுப் புதுப்பிப்பவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. மற்றவர்கள் காலையில் செயலியைத் திறந்து, அது வேறு மாதிரி இருப்பதைக் கண்டு, தவறான செயலியைத் திறந்துவிட்டோமோ அல்லது தம் பணம் போய்விட்டதோ என்று ஐயுற்று, அதன் பிறகே கடைப் பக்கத்துக்கு வருகிறார்கள். சிலர் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பதற்காகவே வருகிறார்கள். இந்த இரண்டாம் வகையினருக்காகவே நான் குறிப்பை எழுதுவேன். அவர்களுக்குப் பயன்படும் குறிப்பு முன்கூட்டிப் படிப்பவருக்கும் பயன்படும்; புதுப்பிக்கத் தூண்டுவதற்காக மட்டும் எழுதிய குறிப்போ, ஏற்கெனவே புதுப்பித்துவிட்டுத் திகைப்பவருக்கு உதவாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. ‘வரப்போகிறது’, ‘அறிமுகப்படுத்துகிறோம்’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, ‘இப்போது இங்கே உள்ளது’ என்று எழுத வேண்டும்.

குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பை இந்த வெளியீட்டில் உயர்த்தியிருந்தால், பழைய தொலைபேசி வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் ப்ளே இந்தப் புதுப்பிப்பை வழங்காது. அதைப் பற்றிய வரி இந்தக் குறிப்பில் தேவையில்லை. அவர்களுக்கான செய்தியைச் செயலிக்குள்ளேயோ குறுஞ்செய்தியாகவோ தனியாக அனுப்ப வேண்டும்.

படி 2: இடம் மாறியவற்றைப் பட்டியலிட்டு, மூன்றைத் தேர்ந்தெடுங்கள்

வடிவமைப்பாளரின் கோப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அதில் நிறம், எழுத்துரு, இடைவெளி என நூறு மாற்றங்கள் இருக்கும். பழைய பதிப்பை ஒரு தொலைபேசியிலும் புதிய பதிப்பை இன்னொன்றிலும் திறந்து வைத்து, பழையதில் இருக்கும் ஒவ்வொரு வசதிக்கும் புதியதில் உள்ள இடத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றும் மூன்று வகைகளில் ஒன்றில் அடங்கும்: இடம் மாறியது, நீக்கப்பட்டது, மாறாதது. புதிதாகச் சேர்ந்ததை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். யாரும் இதுவரை பயன்படுத்தாத ஒன்றைக் காணவில்லையே என்று யாரும் பதற மாட்டார்கள்.

அடுத்து, வாடிக்கையாளர் உதவி எண்ணில் பேசுபவரிடம் உட்கார்ந்து இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். எந்த வசதியை மக்கள் அடிக்கடி தேடுகிறார்கள் என்பதை அவர் அறிவார். ஆனால் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது மட்டும் போதாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அல்சூரில் இருக்கும் ஒரு பாட்டி மறுநாள் காலை வேலூருக்குக் கிளம்ப வேண்டும். இரவு ஒன்பதரை மணிக்குப் பாலை நிறுத்தச் செயலியைத் திறக்கிறார். பத்து மணிக்குள் வழி தெரியாவிட்டால், பூட்டிய கதவுக்கு முன் பால் வைக்கப்படும், பணமும் கழிக்கப்படும். பழைய பில்லைத் தேடுபவர் அதை நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே பாலை நிறுத்துவதே முதல் வரி. பணம் கட்டுவது இரண்டாவது, ஏனெனில் முன்பணம் தீர்ந்தால் பால் நின்றுவிடும். பழைய பில்கள் மூன்றாவது.

மூன்றுக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. எண்ணிக்கை கூடினால் படிப்பவர் தமக்கு வேண்டியதை அதற்குள் தேட வேண்டியிருக்கும்.

மாறாதவற்றிலிருந்தும் ஒன்றிரண்டைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட செயலியில், தோற்றம் மாறியதும் முதலில் எழும் அச்சம் மீதிப் பணத்தைப் பற்றியது. “உங்கள் ஆர்டரும் மீதிப் பணமும் அப்படியே உள்ளன” என்ற ஒரு வாக்கியம் உதவி எண்ணுக்கு வரும் பல அழைப்புகளைத் தவிர்க்கும். நீக்கப்பட்டது ஏதேனும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் செயலியில் பில்லை அச்சிடும் வசதி புதிய பதிப்பில் இல்லை. சொல்லாமல் விட்டால், அது எங்கோ இருக்கிறது என்று நம்பிப் பயனர் ஒவ்வொரு திரையாகத் தேடுவார். “அடுத்த பதிப்பில் வரும்” என்ற உறுதியை மட்டும், தேதி முடிவாகியிருந்தால் அன்றி, எழுத வேண்டாம்.

படி 3: பெயரோடு இடத்தையும் சொல்லுங்கள்

பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளவாறே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். வெளியிடப்போகும் அதே பதிப்பைத் தொலைபேசியில் நிறுவி, மொழியைத் தமிழாக வைத்து, திரையைப் பார்த்தே பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வடிவமைப்புக் கோப்பில் ‘காலண்டர்’ என்று இருந்து, இறுதித் திரையில் ‘நாட்காட்டி’ என்று மாறியிருக்கக்கூடும்.

பெங்களூரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடைப் பக்கம் தொலைபேசியின் மொழியைப் பார்த்துக் குறிப்பைக் காட்டுகிறது. செயலியோ, உள்ளே பயனர் தேர்ந்தெடுத்த மொழியில் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழியை அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்பே பல செயலிகள் தம்முள் இந்த வசதியை வைத்திருந்தன. இந்த நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் தொலைபேசி ஆங்கிலத்திலோ, கன்னட வழியில் படித்தவர்களிடம் கன்னடத்திலோ இருப்பதும், பால் செயலி மட்டும் தமிழில் இருப்பதும் இயல்பானது. மகன் தொலைபேசியை அமைத்துக் கொடுத்திருப்பார். தாயார் செயலியைத் தமிழுக்கு மாற்றியிருப்பார். அப்போது குறிப்பு ஆங்கிலத்தில் ஒரு பொத்தானின் பெயரைச் சொல்லும், திரையில் வேறு எழுத்தில் வேறு பெயர் இருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு மொழிக் குறிப்பிலும் பெயருடன் இடத்தையும் வரிசை எண்ணையும் சேர்க்க வேண்டும்: “கீழ் வரிசையில் இரண்டாவதாக உள்ள ‘நாட்காட்டி’.” கீழ் வரிசை என்பதும் இரண்டாவது என்பதும் எந்த மொழியில் செயலி இருந்தாலும் மாறாது. கூடுதலாகச் செலவாகும் இருபது முப்பது எழுத்துகள் இதற்குத் தகும். தமிழ்க் குறிப்பை ஆங்கிலக் குறிப்பிலிருந்து மொழிபெயர்க்காமல், படி 2-இல் தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்தே தனியாக எழுதுவதும் நல்லது.

படி 4: முதல் வரைவை எழுதி, அதைச் சோதித்துப் பாருங்கள்

பெரும்பாலான குழுக்களில் முதல் வரைவு இப்படி இருக்கும்:

“புத்தம் புதிய வடிவமைப்பு! உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் வகையில் செயலியை முழுமையாக மறுவடிவமைத்துள்ளோம். எளிமையான வழிசெலுத்தல், அதிகரித்த வேகம், பல பிழைத் திருத்தங்கள். பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்!”

பாலை நிறுத்த வந்த பாட்டிக்கு இதில் ஒரு சொல்லும் உதவவில்லை. எளிமை என்பது பயனர் தாமே உணர்ந்து சொல்ல வேண்டியது. மேலும், வெளியீட்டுக் குறிப்பை விளம்பரத்துக்கோ, பயனரிடம் ஏதேனும் செய்யுமாறு கேட்பதற்கோ பயன்படுத்தக் கூடாது என்று கூகுள் ப்ளே கூறுகிறது. நட்சத்திரம் கேட்கும் வரி அதற்கு முரணானது. ஆப்பிளின் பரிசீலனை விதி 2.3.12-ம், சிறு பிழைத் திருத்தங்களுக்குப் பொதுவான வாசகம் போதும் என்றாலும், குறிப்பிடத்தக்க மாற்றங்களைக் குறிப்பில் எழுதியாக வேண்டும் என்கிறது. முழுத் தோற்ற மாற்றத்தைப் பொதுவான வாசகத்தால் கடக்க முடியாது.

முன் படிகளின்படி எழுதினால் குறிப்பு இவ்வாறு அமையும்:

```
<ta-IN>
செயலியின் தோற்றம் மாறியுள்ளது. உங்கள் ஆர்டரும் மீதிப் பணமும் அப்படியே உள்ளன.
• பாலை நிறுத்த: கீழ் வரிசையில் இரண்டாவதாக உள்ள “நாட்காட்டி”யைத் தொட்டு, வேண்டாத தேதியைத் தொடுங்கள். முன்போலவே இரவு 10 மணி வரை மாற்றலாம்.
• பணம் கட்ட: அதே வரிசையில் மூன்றாவதாக உள்ள “பணம்”.
• பழைய பில்கள்: அதே வரிசையில் கடைசியாக உள்ள “கணக்கு”.
இடது மூலையில் இருந்த மூன்று கோடுகள் இனி இல்லை.
பில்லை அச்சிடும் வசதி இந்தப் பதிப்பில் இல்லை.
</ta-IN>
```

மேலும் கீழும் உள்ள குறிகள், கூகுள் ப்ளேயின் வெளியீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு மொழிக்கும் இட வேண்டியவை. கன்னடத்துக்கு `kn-IN`, இந்திய ஆங்கிலத்துக்கு `en-IN`. இவை பயனருக்குத் தெரியாது.

வரிசையைக் கவனியுங்கள். கடைப் பக்கத்தில் குறிப்பின் தொடக்கம் மட்டுமே உடனே கண்ணில் படும். முழுவதையும் காணத் தொட்டு விரிக்க வேண்டும். ஆகவே அச்சத்தைப் போக்கும் வாக்கியமும், பாலை நிறுத்தும் வழியும் முதலிலேயே வந்துவிடுகின்றன. மூன்று கோடுகள் பற்றிய வரி தேவையற்றதுபோல் தோன்றலாம். ஆனால் பழக்கப்பட்ட விரல் முதலில் போவது அந்த மூலைக்குத்தான். அங்கே தேட வேண்டாம் என்று சொன்னால்தான் கண் கீழ் வரிசைக்கு வரும்.

படி 5: தமிழில் எழுத்துகளை எண்ணுவது

கூகுள் ப்ளேயில் ஒரு மொழிக்கு 500 யூனிகோடு எழுத்துகள் வரை மட்டுமே அனுமதி. ஆப்பிளில் 4000 வரை எழுதலாம். 500 என்பது ஆங்கிலத்தில் தாராளமான இடம், தமிழில் அப்படியன்று. நாம் ஓர் எழுத்தாகக் காணும் ‘பி’ என்பது யூனிகோடில் ‘ப’ என்றும் இகரக் குறி என்றும் இரண்டாக எண்ணப்படுகிறது. ‘ப்’ என்பதில் புள்ளியும் தனியாக எண்ணப்படுகிறது. ‘புதுப்பிப்பு’ என்ற சொல்லில் நாம் காண்பது ஆறு எழுத்துகள். கணக்கில் அது 12. இடைவெளிகளும் வரி முறிவுகளும் இதனுடன் சேரும். இந்தக் கணக்கின்படி தமிழில் ஏறத்தாழ அறுபது சொற்களுக்குள் முடித்தாக வேண்டும்.

கண்ணால் எண்ணுவதை நம்ப வேண்டாம். குறிப்பை மட்டும், மொழிக் குறிகள் இல்லாமல், `ta.txt` என்ற கோப்பில் சேமித்து இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

```
python3 -c "print(len(open('ta.txt', encoding='utf-8').read().strip()))"
```

மேலே உள்ள குறிப்பு ஏறத்தாழ 410 வருகிறது. மீதமுள்ள 90 எழுத்துகளை நிரப்பத் தேவையில்லை. அவற்றுக்குப் படி 7-இல் வேலை இருக்கிறது. உங்கள் குறிப்பு 500-ஐத் தாண்டினால், சொற்களைச் சுருக்குவதற்கு முன் மூன்றாவது பொருளையே எடுத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள். ‘இரண்டாவதாக உள்ள’ என்பதை வெட்டி நான்கு பொருள்களை நுழைப்பதைவிட, இரண்டு பொருள்களைத் தெளிவாகச் சொல்வது மேல்.

ஆப்பிளில் இடம் அதிகம் இருக்கிறது என்பதற்காகக் குறிப்பை நீட்டவும் வேண்டாம். அங்கும் முதல் சில வரிகளே உடனே தெரிகின்றன. ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. பதிப்பு வெளியான பின் இந்தக் குறிப்பைத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் புதிய பதிப்பை அனுப்ப வேண்டும். அதனால் பொத்தானின் பெயரில் பிழை இருந்தால் அது அடுத்த பதிப்பு வரை அப்படியே நிற்கும்.

படி 6: குழுவுக்கு வெளியே ஒருவரிடம் கொடுங்கள்

குழுவில் உள்ள எவருக்கும் புதிய திரை மனப்பாடமாகியிருக்கும். அவர்கள் குறிப்பைச் சரி என்றே சொல்வார்கள். பழைய பதிப்பைப் பயன்படுத்திய, புதியதைப் பார்க்காத ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ போதும். சோதனைக் கணக்குள்ள தொலைபேசியில் புதிய பதிப்பை நிறுவி, தொலைபேசியை ஆங்கிலத்திலும் செயலியைத் தமிழிலும் வையுங்கள். குறிப்பைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, “நாளைக்குப் பால் வேண்டாம், நிறுத்துங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

விரல் முதலில் எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். குறிப்பைப் படித்த பிறகும் இடது மூலைக்குப் போனால், கீழ் வரிசை என்ற சொல் மனத்தில் பதியவில்லை என்று பொருள். அதை வாக்கியத்தில் இன்னும் முன்னே கொண்டுவர வேண்டும். நாட்காட்டியைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டால், தேதியைத் தொடுவது என்ற இரண்டாவது செயல் நீண்ட வாக்கியத்தில் மறைந்துவிட்டது. அதைத் தனி வாக்கியமாக்குங்கள். இன்றைய தேதியைத் தொட்டால் ‘வேண்டாத தேதி’ என்பது போதவில்லை என்று தெரிகிறது; ‘பால் வேண்டாத நாளின் தேதி’ என்று மாற்றலாம். எத்தனை முறை முயன்றும் ஒருவரால் முடியவில்லை, வாக்கியத்திலும் குறை தெரியவில்லை என்றால், குறை திரையிலேயே இருக்கலாம். அதை வடிவமைப்பாளரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். குறிப்பில் மேலும் வரிகளைச் சேர்த்து அதைச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

படி 7: வெளியீட்டின் போக்குக்கேற்பக் குறிப்பைக் காப்பாற்றுங்கள்

பெரிய மாற்றத்தை ஒரே நாளில் எல்லோருக்கும் வெளியிடுவதில்லை. கூகுள் ப்ளேயில் விழுக்காட்டை நாமே தீர்மானித்துப் படிப்படியாக உயர்த்தலாம். ஆப்பிளில் தாமாகப் புதுப்பிப்பவர்களுக்கான படிநிலை வெளியீடு ஏழு நாட்களில் 1, 2, 5, 10, 20, 50, 100 விழுக்காடு என்று செல்கிறது. இடையில் நிறுத்திவைக்கவும் முடியும். இதனால் ஒரே வீட்டில் மாமியாரிடம் பழைய பதிப்பும் மருமகளிடம் புதிய பதிப்பும் இருக்கும் நாட்கள் வரும். உதவி எண்ணில் பேசுபவர் முதலில் கேட்க வேண்டியது, “உங்களுக்குத் திரைக்குக் கீழே நான்கு பொத்தான் தெரியுதாம்மா, மேலே மூன்று கோடு தெரியுதா?” என்பதே. குறிப்பில் இரண்டையும் சொல்லியிருப்பதால், அழைப்பவரும் அவரும் ஒரே அடையாளங்களைக் கொண்டு பேச முடிகிறது.

அடுத்து வரும் ஆபத்து பலர் கவனிக்காதது. பெரிய மாற்றத்துக்குப் பின் சில நாட்களிலேயே ஒரு சிறு திருத்தப் பதிப்பு வெளியாகும். அதன் குறிப்பாக “பிழைகள் சரிசெய்யப்பட்டன” என்று எழுதினால், கடைப் பக்கத்தில் அதுவே தெரியும். தோற்ற மாற்றம் பற்றிய குறிப்பு, பாதிப் பேருக்கு மேல் அதைத் தேடத் தொடங்கும் நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே பழைய குறிப்பை அப்படியே வைத்து, இறுதியில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்:

“இப்பதிப்பில்: நாட்காட்டியில் தேதி இருமுறை தெரிந்த கோளாறு சரிசெய்யப்பட்டது.”

இந்த வரியுடன் மொத்தம் ஏறத்தாழ 485 ஆகிறது, 500-க்குள் அடங்குகிறது. படி 5-இல் மிச்சம் வைத்த இடம் இதற்காகத்தான். கூகுள் ப்ளேயில் முந்தைய வெளியீட்டின் குறிப்பை நகலெடுக்கும் வசதி இருப்பதால், இது சில நொடி வேலையே.

வெளியீட்டு நாளைப் பற்றியும் குறிப்பை எழுதுபவர் கருத்துச் சொல்லலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் ஊருக்குக் கிளம்புவதால், பாலை நிறுத்தும் பொத்தான் மிகுதியாகத் தேடப்படும். அந்த வாரத்தில் அதன் இடத்தை மாற்றினால், எவ்வளவு தெளிவான குறிப்பாலும் அழைப்புகளைச் சமாளிக்க முடியாது. பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்து வெளியிடுவதே முறை.

படி 8: விமர்சனங்களைப் பார்த்துத் திருத்துங்கள்

வெளியான பின் கடைப் பக்கத்தில் வரும் விமர்சனங்களில் ‘எங்கே’, ‘காணவில்லை’, ‘எப்படி நிறுத்துவது’ போன்ற சொற்களைத் தேடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோரும் கன்னடத்தில் எழுதுவோரும் உண்டு, அவற்றையும் பாருங்கள். “பழையதே நன்றாக இருந்தது” என்ற விமர்சனம் குறிப்பை மாற்றக் காரணமாகாது. குறிப்பில் இல்லாத ஒரு வசதியைப் பலர் தேடினால், அடுத்த பதிப்பின் குறிப்பில் பழைய பில்கள் பற்றிய வரியை எடுத்துவிட்டு அதை வையுங்கள். குறிப்பில் உள்ளதையே தேடுகிறார்கள் என்றால், அந்த வரியை மேலே ஏற்றுங்கள்.

கூகுள் ப்ளேயில் விமர்சனத்துக்கு அளிக்கும் மறுமொழி 350 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது நாற்பது சொற்களுக்குச் சற்று மேல். குறிப்பில் உள்ள அதே வாக்கியத்தை, அதே பெயர், அதே வரிசை எண்ணுடன் அங்கும் பயன்படுத்துங்கள். உதவி எண்ணில் ஒரு வழியும், மறுமொழியில் இன்னொரு வழியும் சொன்னால் குழப்பம் கூடும்.

வெளியீடு எல்லோரையும் அடைந்து, இடம் கேட்கும் அழைப்புகளும் விமர்சனங்களும் நின்ற பிறகு, நிறுத்தும் வழியையும் மூன்று கோடுகள் பற்றிய வரியையும் எடுத்துவிடலாம். பில்லை அச்சிடும் வசதி இல்லை என்ற வரியை மட்டும், அந்த வசதி திரும்ப வரும் பதிப்பு வரை விட்டுவையுங்கள்.